மா, ஏக்கர், மூட்டை, குவிண்டால் கலந்த நெல் கணக்கில் மகசூலையும் வருமானத்தையும் சரிபார்ப்பது எப்படி

சித்தப்பாவின் கணக்கு நோட்டில் போன சம்பாவுக்கான பக்கம் இப்படி இருந்தது: "ஏழு மா. அதில் நெல் ஆறு மா, 2 ஏக்கர். கொள்முதல் நிலையம் 72 மூட்டை. வியாபாரி 20 மூட்டை. வீட்டுக்கு 6 மூட்டை. கூலி நெல் 4 கலம். மொத்தம் 98 மூட்டை, ஏக்கருக்கு 49. வருமானம் 98 × 1,300 = 1,27,400."

கூட்டல் சரி, பெருக்கலும் சரி, வகுத்ததும் சரி. ஆனால் ஏக்கருக்கு 49 மூட்டை என்பதும் தப்பு, 1,27,400 என்பதும் தப்பு. ஒரே பக்கத்தில் "மூட்டை" என்ற சொல் மூன்று வெவ்வேறு எடையைக் குறிக்கிறது, கலமோ கணக்குக்குள்ளேயே வரவில்லை. காவிரி டெல்டாவில் நெல் போடும் வீடுகளில் பாதிக் கணக்கு இப்படித்தான் இருக்கும் என்பதால் இந்தப் பக்கத்தையே எடுத்துக்கொண்டு வரிசையாகச் சரிபார்த்துக் காட்டுகிறேன். உங்கள் நோட்டில் எண்கள் வேறாக இருக்கும், வழி ஒன்றுதான்.

முதல் படி: ஒவ்வொரு எண்ணும் எந்த அளவில் இருக்கிறது என்று எழுதுங்கள்

கால்குலேட்டரை இப்போது தொட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாளில் நோட்டில் உள்ள எண்களை ஒவ்வொன்றாக இறக்கி, பக்கத்தில் "இது என்ன அளவு, அது எனக்கு எப்படித் தெரியும்" என்று எழுதுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். "மூட்டை 60 கிலோ" என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அந்த 72 மூட்டைக்கும் அது பொருந்துமா என்பதற்கு ரசீதுதான் பதில் சொல்லும்.

சித்தப்பாவிடம் கேட்டு, ரசீதுகளையும் தேடி எடுத்ததில் தெரிந்தது இது. நேரடி கொள்முதல் நிலையத்தில் பிடித்தது 40 கிலோ சிப்பம். வியாபாரி களத்திலேயே தராசு போட்டு மூட்டைக்கு 62 கிலோ எடுத்திருக்கிறார், பேச்சு மட்டும் "60 கிலோ மூட்டை". சாக்குக்கும் ஈரத்துக்கும் 2 கிலோ கழிவு என்பது பேசிக்கொண்ட ஏற்பாடு. வீட்டுக்கு வைத்த ஆறு மூட்டையைக் காயவைத்து 60 கிலோவாக நிறுத்தே கட்டியிருக்கிறார்கள். வேறு மாவட்டங்களில் 75 கிலோ மூட்டையும் உண்டு, 100 கிலோ மூட்டையும் உண்டு, அதனால் என் எண்களை அப்படியே எடுத்துப் போடாதீர்கள்.

கலம் கொஞ்சம் தனி விஷயம், ஏனென்றால் அது எடையே இல்லை, கொள்ளளவு. 12 மரக்கால் ஒரு கலம் என்பது நிலையானது, ஆனால் ஒரு மரக்கால் நெல் எத்தனை கிலோ என்பது மரக்காலைப் பொறுத்தும், நெல்லின் ரகத்தைப் பொறுத்தும், ஈரத்தைப் பொறுத்தும், தலை தட்டி அளந்தார்களா குவித்து அளந்தார்களா என்பதைப் பொறுத்தும் மாறும். இதற்கு யாரிடமும் கேட்காதீர்கள், அளந்து பாருங்கள். வீட்டு மரக்காலில் அதே நெல்லை, கூலிக்கு எப்படி அளந்தீர்களோ அப்படியே ஐந்து முறை அளந்து, ஒன்றாகக் கொட்டி நிறுத்து ஐந்தால் வகுங்கள். எங்கள் மரக்காலுக்கு 2.4 கிலோ வந்தது, அப்படியானால் கலம் 28.8 கிலோ.

இரண்டாம் படி: நிலம்

மகசூலில் தப்பு வந்தால் எல்லோரும் மூட்டையைத்தான் சந்தேகப்படுவார்கள், கீழே வகுக்கும் நிலத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் நிலத்தை முதலில் முடித்துவிடுவோம்.

தஞ்சைப் பக்கத்துக் குழி என்பது 12 அடிக்கு 12 அடி, 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, அதாவது 14,400 சதுர அடி. 20 மா ஒரு வேலி. ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி, 100 சென்ட், ஆகவே ஒரு சென்ட் 435.6 சதுர அடி. 14,400-ஐ 435.6-ஆல் வகுத்தால் ஒரு மா 33.06 சென்ட். மூன்று மா சேர்ந்தால் 99.2 சென்ட், அதைத்தான் நாம் "மூணு மா ஒரு ஏக்கர்" என்று சொல்லிக்கொள்கிறோம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம்தான், மகசூல் பார்க்க அது பரவாயில்லை. ஒரு வேலி 6.61 ஏக்கர் வருவதும் இதனால்தான், ஏழு ஏக்கர் என்று யாராவது எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.

எச்சரிக்கை ஒன்று. "குழி" என்ற அதே சொல் வட மாவட்டங்களில் சில இடங்களில் 24 அடிக்கு 24 அடி, 576 சதுர அடி. அங்கே 100 குழி ஒரு காணி, 1.32 ஏக்கர். பெயர் ஒன்று, பரப்பு நான்கு மடங்கு. வேறு ஊர் உறவினரிடம் கேட்டு வாய்ப்பாடு எழுதி வைத்திருந்தால், அடிக்கோல் எத்தனை அடி என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம் பட்டாவைப் பாருங்கள். பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 100 ஏர் ஒரு ஹெக்டேர், ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். அதனால் ஒரு ஏர் என்பது 2.471 சென்ட். எங்கள் பட்டாவில் 0-94.00 என்று இருக்கிறது. இதை 94 சென்ட் என்று படித்துவிடுபவர்கள் நிறைய, நான் படித்த அன்றும் அப்படித்தான் படித்தேன். அது 94 ஏர். 94 × 2.471 = 232.3 சென்ட். ஏழு மா என்றால் 7 × 33.06 = 231.4 சென்ட். ஒரு சென்ட்கூட வித்தியாசம் இல்லை, ஆக வீட்டில் வாய்வழியாகச் சொல்லிவந்த "ஏழு மா" சரிதான். இந்த இரண்டு எண்ணும் உங்களுக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் விலகினால் மேலே போகாதீர்கள், ஏதோ ஒரு துண்டு வேறு பட்டாவில் இருக்கிறது அல்லது எப்போதோ விற்ற பகுதி பேச்சில் இன்னும் இருக்கிறது.

கடைசியாக, வகுக்க வேண்டியது பட்டா பரப்பை அல்ல, அறுத்த பரப்பை. ஏழு மாவில் ஒரு மா வாழை. நெல் நின்றது ஆறு மா, 86,400 சதுர அடி, 1.983 ஏக்கர். நோட்டில் 2 ஏக்கர் என்று எழுதியது கிட்டத்தட்ட சரி. களம், மோட்டார் கொட்டகை, அகலமான வரப்பு எல்லாம் உள்ளே இருக்கும் நிலமாக இருந்தால் அதையும் கழியுங்கள். நாற்றங்கால் போட்ட இடத்தில் பிறகு நடவு செய்திருந்தால் கழிக்க வேண்டாம், அங்கேயும் அறுத்திருப்பீர்கள்.

மூன்றாம் படி: எல்லாவற்றையும் கிலோவுக்குக் கொண்டுவருவது

ஒரே விதி: மூட்டைகளை ஒன்றோடொன்று கூட்டாதீர்கள், கிலோ ஆக்கிய பிறகு கூட்டுங்கள்.

கொள்முதல் நிலையம்: 72 × 40 = 2,880 கிலோ.
வியாபாரி: 20 × 62 = 1,240 கிலோ.
வீடு: 6 × 60 = 360 கிலோ.
கூலி: 4 × 28.8 = 115 கிலோ.
மொத்தம் 4,595 கிலோ.

வியாபாரிக்கு 60 போடாமல் 62 போட்டதை கவனியுங்கள். பணம் 60 கிலோ மூட்டைக்குப் பேசியதாக இருக்கலாம், ஆனால் வயலில் விளைந்தது 62. மகசூல் கணக்கில் வயலை விட்டு வெளியே போன எல்லா நெல்லும் வர வேண்டும், கூலியாகப் போனதும், கழிவாகப் போனதும், கோயிலுக்கோ குத்தகைக்கோ அளந்ததும். சாக்கு மட்டும் நெல் அல்ல. ஒரு சணல் சாக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும், எடை சாக்கோடு போட்டதா இல்லையா என்று கேட்டு, சாக்கோடு என்றால் அதைக் கழித்துவிடுங்கள். எங்கள் 40 கிலோ சாக்கு நீங்கிய எடை. வியாபாரியின் 62-இல் சாக்கு உண்டு, 20 சாக்குக்கும் சேர்த்து 10, 12 கிலோ வரும். மொத்தத்தில் அது கால் சதவீதம்தான் என்பதால் இங்கே விட்டுவிட்டேன். நூற்றுக்கணக்கில் மூட்டை போடுகிறவர்கள் விடக்கூடாது.

இப்போது வகுப்போம். 4,595-ஐ 1.983-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 2,317 கிலோ. 60 கிலோ மூட்டையில் சொன்னால் 38.6 மூட்டை. நோட்டில் இருந்தது 49.

எங்கே போனது பத்து மூட்டை? நோட்டின் 98 மூட்டையை 60-ஆல் பெருக்கினால் 5,880 கிலோ. கலம் சேர்க்காமல் நாம் கண்டது 4,480. வித்தியாசம் 1,400 கிலோ. கொள்முதல் நிலையத்துச் சிப்பம் ஒவ்வொன்றிலும் 20 கிலோ கூடுதலாக எண்ணியதால் 1,440 கிலோ ஏறியிருக்கிறது, வியாபாரி மூட்டையில் 2 கிலோ குறைவாக எண்ணியதால் 40 கிலோ இறங்கியிருக்கிறது. 1,440-இல் 40 போனால் 1,400. இப்படிக் கிலோவரை இறங்கி வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முடிந்தால்தான் சரிபார்ப்பு முடிந்தது. புதிய எண் சரியாக வந்துவிட்டது என்று பழையதை அடித்துவிட்டுப் போனால், அடுத்த போகத்தில் அதே தப்பு திரும்ப வரும்.

நான்காம் படி: ஈரம்

வீட்டில் மட்டும் வைத்துப் பார்க்கும் கணக்கென்றால் இதை விட்டுவிடலாம். போன வருஷத்தோடோ பக்கத்து வயலோடோ ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் விட முடியாது, ஏனென்றால் ஈர நெல்லின் எடையில் ஒரு பங்கு தண்ணீர்.

கொள்முதல் நிலையத்தில் வழக்கமான ஈரப்பத வரம்பு 17 சதவீதம், மழைக் காலத்தில் மத்திய அரசு அனுமதித்தால் அது உயரும். எங்கள் நெல் 17-இல் எடுக்கப்பட்டது. வியாபாரி அறுவடை இயந்திரத்திலிருந்து இறங்கியதை அப்படியே எடுத்தார், அவர் கருவி 22 காட்டியது. வீட்டு நெல்லையும் கூலி நெல்லையும் காய்ந்த நெல்லாக, 14 என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் 14-க்குக் கொண்டுவரும் சூத்திரம் இது:

```
எடை × (100 - ஈரம்) ÷ 86
```

86 என்பது 100-இல் 14 போனது. 2,880 கிலோ 17 சதவீதத்தில் இருந்தால் 2,880 × 83 ÷ 86 = 2,780. வியாபாரியின் 1,240 கிலோவை 78 ÷ 86-ஆல் பெருக்கினால் 1,125 ஆகிறது. வீட்டு 360, கூலி 115 அப்படியே. மொத்தம் 4,380 கிலோ, ஏக்கருக்கு 2,208. பலர் 22-இல் 14-ஐக் கழித்து எட்டு சதவீதம் குறைத்துவிடுவார்கள், அது சரியல்ல. மாறாமல் இருப்பது உலர்ந்த நெல்லின் எடை, அதனால் விகிதத்தில்தான் போக வேண்டும், உண்மையான குறைவு ஒன்பது சதவீதத்துக்கு மேல்.

நோட்டில் இரண்டு எண்ணையும் எழுதுங்கள்: "நிறுத்த எடையில் 2,317, 14 ஈரத்தில் 2,208". எது எது என்று எழுதாமல் விட்டால் அடுத்த வருஷம் ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டு நூறு கிலோ குறைந்துவிட்டது என்று வீணாகக் கவலைப்படுவீர்கள்.

ஐந்தாம் படி: வயலே சொல்லும் சாட்சி

நோட்டையும் ரசீதையும் விட்டுத் தனியாக நிற்கும் ஒரு சோதனை வேண்டும் என்றால் அறுவடைக்கு முன்பே செய்ய வேண்டும். பயிர் அறுவடைப் பரிசோதனையில் நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம் எடுப்பார்கள். அதையே நாமும் செய்யலாம். நல்ல இடமாகத் தேடாமல், வரப்போரம் தவிர்த்து, குருட்டாம்போக்கில் இரண்டு மூன்று இடத்தில் கயிறு கட்டி அறுத்து, அடித்துத் தூற்றி நிறுங்கள். 25 சதுர மீட்டர் என்பதால் ஒரு ஏக்கருக்கு 4,047 ÷ 25, அதாவது 161.9 கட்டம் வரும்.

எங்களுக்கு மூன்று கட்டத்தின் சராசரி 15.2 கிலோ. 15.2 × 161.9 = 2,461 கிலோ. ரசீதுக் கணக்கு 2,317. கட்டக் கணக்கு கொஞ்சம் அதிகமாக வருவது இயல்பு, வரப்பும் வாய்க்காலும் கட்டத்துக்குள் வருவதில்லை, இயந்திரத்தில் உதிர்வதும் இல்லை. ஆறு சதவீதம் தாராளமாக ஏற்கலாம். 49 மூட்டை உண்மை என்றால் கட்டத்துக்கு 18 கிலோ வந்திருக்க வேண்டும், எந்தக் கட்டத்திலும் அப்படி வரவில்லை. கட்டக் கணக்கைவிட ரசீதுக் கணக்கு அதிகமாக இருந்தால் அப்போதுதான் சந்தேகப்பட வேண்டும், பெரும்பாலும் மூட்டை எடை தப்பாக இருக்கும்.

ஆறாம் படி: வருமானம்

மகசூலில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டினோம். வருமானத்தில் நேர்மாறு, விற்ற இடம் ஒவ்வொன்றையும் தனியாகவே வைக்க வேண்டும், ஏனென்றால் விலையின் அளவும் வேறு வேறு.

கொள்முதல் நிலைய விலை குவிண்டாலுக்கு. 2025-26 பருவத்தில் தமிழ்நாட்டில் சன்ன ரகத்துக்கு மத்திய அரசின் ஆதார விலை ரூ.2,389, மாநில ஊக்கத்தொகை ரூ.156, சேர்ந்து ரூ.2,545. பொது ரகத்துக்கு ரூ.2,369-உம் ரூ.131-உம் சேர்ந்து ரூ.2,500. எங்களது சன்னம். 2,880 கிலோ என்பது 28.8 குவிண்டால், 28.8 × 2,545 = ரூ.73,296. மறுபக்கமாகவும் பாருங்கள்: 40 கிலோ சிப்பம் ஒன்றுக்கு ரூ.1,018, 72 × 1,018 = ரூ.73,296. இரண்டு வழியும் ஒன்றே. இந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வருகிறது, அதனால் பாஸ்புக்கில் அதே தொகை இருக்கிறதா என்று பார்த்தால் சிப்பத்தின் எண்ணிக்கையும் ரகமும் ஒரே நேரத்தில் சரிபார்க்கப்பட்டுவிடும். ரூ.72,000 வந்திருந்தால் பொது ரகமாகப் பதிந்துவிட்டார்கள் என்று அர்த்தம், 28.8 × 2,500 அதுதான்.

வியாபாரி மூட்டைக்கு ரூ.1,300, 20 மூட்டை ரூ.26,000. இதைக் குவிண்டாலுக்கு மாற்றாமல் விடாதீர்கள். 60 கிலோ என்று நினைத்தால் குவிண்டாலுக்கு ரூ.2,167. உண்மையில் கொடுத்தது 62 கிலோ, 26,000 ÷ 12.4 = ரூ.2,097. எழுபது ரூபாய் வித்தியாசம் அந்த 2 கிலோ கழிவில் இருக்கிறது. வியாபாரிக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லவில்லை, காயவைக்கும் கூலியும் காத்திருக்கும் நாளும் மிச்சம், ஈர நெல்லை அவர் எடுத்தார். 14 ஈரத்துக்கு மாற்றிய எடையில் பார்த்தால் அவர் கொடுத்தது 26,000 ÷ 11.25, ரூ.2,311. கொள்முதல் நிலையத்தை இதே வகையில் பார்த்தால் 73,296 ÷ 27.8, ரூ.2,637. இப்போதுதான் இரண்டு விலையும் ஒப்பிடும் நிலைக்கு வந்திருக்கின்றன.

ஆக கையில் வந்த பணம் 73,296 + 26,000 = ரூ.99,296.

வீட்டு நெல்லும் கூலி நெல்லும் பணமாக வரவில்லை, ஆனால் விளைச்சல்தான். அவற்றைத் தனி வரியில், விற்றிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அந்த மதிப்பில் போடுங்கள். 3.6 குவிண்டால் × 2,545 = ரூ.9,162. கூலி நெல் 1.152 குவிண்டால், ரூ.2,932. கூலி நெல்லை வரவில் எழுதினால் அதே ரூ.2,932-ஐச் செலவிலும் எழுத வேண்டும், இல்லையென்றால் லாபம் சும்மா கூடிவிடும். எல்லாம் சேர்ந்த மதிப்பு ரூ.1,11,390.

ஏக்கருக்குப் பார்த்தால் பணமாக ஏறத்தாழ ரூ.50,100, மதிப்பாக ரூ.56,200. நோட்டின் 1,27,400 எப்படி வந்தது என்றால், வியாபாரியின் மூட்டை விலையை 40 கிலோ சிப்பத்துக்கும் வீட்டு நெல்லுக்கும் போட்டதால் வந்தது. கையில் வந்த பணத்தைவிட ரூ.28,104 அதிகம். உரக்கடைக் கடனை இந்த எண்ணை நம்பித்தான் அடைப்பதாகச் சொல்லியிருந்தார் சித்தப்பா.

விகிதத்தை வைத்துத் தப்பைப் பிடிப்பது

எல்லாம் முடிந்தும் எங்கே தப்பு என்று தெரியவில்லையா? நோட்டில் இருக்கும் எண்ணை நீங்கள் கண்ட எண்ணால் வகுத்துப் பாருங்கள். 1.5-க்குப் பக்கத்தில் வந்தால் 60-ஐயும் 40-ஐயும் குழப்பியிருக்கிறார்கள். 3-க்குப் பக்கம் என்றால் மாவும் ஏக்கரும். 1.32 என்றால் காணியை ஏக்கர் என்று எழுதியிருக்கிறார்கள். 1.67 என்றால் 60 கிலோ மூட்டையைக் குவிண்டாலாக எண்ணியிருக்கிறார்கள்.

2.5-க்குப் பக்கம் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: ஹெக்டேரும் ஏக்கரும் மாறியது 2.471, சிப்பமும் குவிண்டாலும் மாறியது சரியாக 2.5. இதைப் பிரிக்க மொத்த வருமானத்தைப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்து ஏக்கர் கணக்கு மட்டும் விலகினால் நிலத்தில் தப்பு. மொத்தமே விலகினால் எடையில் தப்பு. எங்கள் நோட்டு போல 49 ÷ 38.6 = 1.27 என்று எதிலும் சேராமல் வந்தால், ஒரு பகுதி மட்டும் தப்பான அளவில் கலந்திருக்கிறது, விற்ற இடம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வகுத்துப் பாருங்கள். கொள்முதல் நிலைய வரியில் மட்டும் 1.5 என்று நேராக வந்து நிற்கும்.

இந்தக் குறுவைக்கு நோட்டில் "மூட்டை" என்ற தலைப்பை அடித்துவிட்டு ஆறு கட்டம் போட்டிருக்கிறோம்: யாருக்கு, எண்ணிக்கை, ஒன்றின் கிலோ, ஈரம், விலை, அந்த விலை எத்தனை கிலோவுக்கு. கடைசிக் கட்டத்தை மட்டும் காலியாக விடக்கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.